பெயர் மாறிய கம்பெனி, மாறாத எண்

2010-ம் ஆண்டு ஜனவரியில் டெல்லியில் ஒரு சின்னக் கம்பெனி பதிவானது. டிசி ஃபுடிபே ஆன்லைன் சர்வீசஸ் பிரைவேட் லிமிடெட் என்று பெயர். 2012-ல் அது ஜொமாட்டோ மீடியா பிரைவேட் லிமிடெட் ஆயிற்று. 2020-ல் நடுவிலிருந்த 'மீடியா' போனது. 2021-ல் பங்குச் சந்தைக்கு வருவதற்கு முன் 'பிரைவேட்' போனது. 2025 மார்ச்சில் 'ஜொமாட்டோ'வே போய், எடர்னல் லிமிடெட் என்று ஆனது. பதினைந்து ஆண்டுகளில் ஐந்து பெயர்கள்.

பிரியாணிக்கு ஆர்டர் போட்டவருக்கு இந்தக் கடைசி மாற்றம் தெரிந்திருக்காது. கைபேசியில் இருக்கும் செயலிக்கு இன்றும் ஜொமாட்டோ என்றுதான் பெயர். ஆனால் அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தவர்களின் கதை வேறு. அவர்களுடைய கோப்பில் இருக்கும் ஒப்பந்தம் ஒரு பெயரில். இனி வரும் பில் இன்னொரு பெயரில். இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

அந்தக் கேள்விக்கு விடை கம்பெனியின் பதிவு எண்ணில் இருக்கிறது. ஜொமாட்டோ என்ற பெயரோடு பிரைவேட் கம்பெனியாக இருந்தபோது அதன் எண் U93030DL2010PTC198141. பங்குச் சந்தைக்கு வந்த பிறகு L93030DL2010PLC198141. முதல் எழுத்து சந்தையில் பட்டியலிடப்பட்டதா இல்லையா என்பதைச் சொல்கிறது. நடுவிலுள்ள PTC பிரைவேட் கம்பெனியையும் PLC பப்ளிக் கம்பெனியையும் குறிக்கும். DL டெல்லி; 2010 பிறந்த ஆண்டு. கடைசியில் உள்ள 198141 ஐந்து பெயர்களுக்கும் பொது. பெயர் எத்தனை முறை மாறினாலும், பதிவேட்டில் அது அதே ஆள்.

பெயர் மாற்றும் கம்பெனி ஒவ்வொன்றும் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பும். "எங்கள் பெயர் மாறிவிட்டது, இனி பில்லும் ஒப்பந்தமும் புதிய பெயரில் வரும்" என்பது அதன் சாரம். பெரும்பாலான கடிதங்கள் புதிய பெயரின் பெருமையை அரைப் பக்கம் சொல்லிவிட்டு முடிந்துவிடும். படிக்கும் கணக்காளருக்கு வேண்டியது அதுவல்ல. என்ன மாறவில்லை என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

எந்த நாளிலிருந்து புதிய பெயர்?

கம்பெனியின் இயக்குநர்கள் கூடி முடிவெடுத்த நாளில் பெயர் மாறுவதில்லை. பங்குதாரர்கள் வாக்களித்த நாளிலும் மாறுவதில்லை. 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 13-ம் பிரிவுப்படி, பெயரை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதாவது, எதிர்த்து விழும் வாக்குகளைப்போல மூன்று மடங்காவது ஆதரவு வாக்குகள் விழ வேண்டும். பிறகு அரசின் ஒப்புதலுக்கு விண்ணப்பம் போகும். கம்பெனிப் பதிவாளர் பழைய பெயரை நீக்கிப் புதிய பெயரைப் பதிவேட்டில் எழுதி, INC-25 என்ற படிவத்தில் புதிய சான்றிதழ் தருவார். அந்தச் சான்றிதழ் வந்தால்தான் மாற்றம் முழுமை பெறும் என்று சட்டமே சொல்கிறது.

இதை அறியாத கம்பெனிகள், தீர்மானம் நிறைவேறிய கையோடு லெட்டர்ஹெட்டையும் பில் புத்தகத்தையும் அச்சடித்துவிடும். சான்றிதழ் வர இன்னும் சில நாட்கள் ஆகும். அந்த இடைவெளியில் புதிய பெயரில் போகும் பில், பதிவேட்டில் இன்னும் இல்லாத ஒரு பெயரில் போகும் பில். அதனால் கடிதத்தில் முதலில் இருக்க வேண்டியது சான்றிதழின் தேதி. கூடவே அதன் நகல்.

பெயர் மாறினால் பழைய கடன், பழைய வாக்குறுதி, நடந்துகொண்டிருக்கும் வழக்கு இவையெல்லாம் என்னவாகும்? 1956-ம் ஆண்டின் பழைய கம்பெனிகள் சட்டம் 23-ம் பிரிவில் இதை எழுதியே வைத்திருந்தது: பெயர் மாற்றம் கம்பெனியின் உரிமைகளையும் கடமைகளையும் பாதிக்காது, பழைய பெயரில் நடந்த வழக்கைப் புதிய பெயரில் தொடரலாம். 2013 சட்டத்தின் 13-ம் பிரிவில் அந்த வாசகம் இல்லை. ஆனால் அடிப்படை அப்படியே இருக்கிறது. கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். திருமணத்துக்குப் பிறகு ஒரு பெண் பெயரை மாற்றிக்கொண்டால் அவர் வாங்கிய வீட்டுக்கடன் ரத்தாகிவிடுமா? அதே கணக்குதான் இதுவும்.

பில்லில் நடப்பது

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் பம்ப்செட்டுக்கு வார்ப்பு செய்து கொடுக்கும் ஒரு பிரைவேட் கம்பெனி. பழைய பெயர் ஆங்கிலத்தில் K என்ற எழுத்தில் தொடங்கியது. புதிய பெயர் S-ல் தொடங்குகிறது. சான்றிதழின் தேதி 2025 ஜூன் 12. வாடிக்கையாளர் அம்பத்தூரில் உள்ள ஒரு பம்ப் தொழிற்சாலை. ஏப்ரலில் அந்தத் தொழிற்சாலை 600 வார்ப்புகளுக்கு ஆர்டர் கொடுத்தது. மூன்று தவணை, தவணைக்கு 200. முதல் இரண்டு தவணை ஜூன் 12-க்கு முன்பே போய்விட்டது. இரண்டாவது தவணைக்கு ஜூன் 10-ல் போட்ட பில்லின் எண் 147.

அந்த 147-ம் பில் பழைய பெயரிலேயே இருக்கும். அதைத் திரும்ப வாங்கிப் புதிய பெயரில் போட்டுத் தர வேண்டியதில்லை, தரவும் கூடாது. அது எழுதிய நாளில் கம்பெனியின் பெயர் அதுதான். அம்பத்தூர் தொழிற்சாலை அதற்கு ஜூலையில் பணம் அனுப்பினாலும், அனுப்புவது பழைய பில்லுக்குத்தான். போய்ச் சேருவது அதே கணக்குக்குத்தான்.

மூன்றாவது தவணை ஜூன் 14-ல் புறப்படுகிறது. ஆர்டர் பழைய பெயரில் இருந்தாலும் பில் புதிய பெயரில் வரும். எண் 148. இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். புதிய பெயர் வந்துவிட்டதே, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கலாமா என்று கேட்பார்கள். ஜிஎஸ்டி விதி 46 கேட்பது இவ்வளவுதான்: எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், தொடர்ச்சியாக இருக்க வேண்டும், அந்த நிதியாண்டில் ஒருமுறைக்கு மேல் வரக் கூடாது. ஜிஎஸ்டி எண் மாறாததால் வரிசையை உடைக்கக் காரணமே இல்லை. அடையாளத்துக்காக முன்னெழுத்தை மாற்றித் தனி வரிசை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆனால் அதே முன்னெழுத்தோடு மறுபடி 1 என்று தொடங்கினால், ஏப்ரலில் போட்ட முதல் பில்லோடு அது மோதும்.

மின்னணு இன்வாய்ஸ் போடும் கம்பெனிகளில் இந்த மோதல் உடனே வெளிப்படும். ஒவ்வொரு மின்னணு இன்வாய்ஸுக்கும் 64 எழுத்துகள் கொண்ட ஒரு குறிப்பு எண் உருவாகிறது. விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவணத்தின் வகை, ஆவண எண் ஆகிய நான்கையும் சேர்த்து அது கணக்கிடப்படுகிறது. கம்பெனியின் பெயர் அதில் சேரவே சேராது. அந்த இயந்திரத்துக்குப் பழைய பெயரும் புதிய பெயரும் ஒன்றுதான். பழைய எண்ணையே மறுபடி கொடுத்தால், இது ஏற்கெனவே பதிவானது என்று திருப்பி அனுப்பிவிடும்.

ஜூன் 20-ல் அம்பத்தூர் தொழிற்சாலை ஐம்பது வார்ப்புகளில் விரிசல் என்று திருப்பி அனுப்புகிறது. அவை 147-ம் பில்லில் போனவை. இதற்கான கிரெடிட் நோட் புதிய பெயரில் வரும். உள்ளே, ஜூன் 10 தேதியிட்ட 147-ம் எண் பில்லுக்கு எதிராக என்று எழுதியிருக்கும். புதிய பெயரில் வந்த தாள் பழைய பெயரில் வந்த பில்லை எப்படிக் குறைக்கும் என்று கேட்கலாம். இரண்டிலும் ஜிஎஸ்டி எண் ஒன்று, அதனால் குறையும். உள்ளீட்டு வரி வரவும் இப்படித்தான். வாங்குபவரின் கணக்கில் அது விற்பவரின் ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் பார்த்துத்தான் வந்து உட்காரும்.

புதிய பில்லில் பழைய பெயரும் இருக்க வேண்டும். இதைப் பலரும் மரியாதைக்குச் செய்வதாக நினைக்கிறார்கள். இது சட்டத்தின் கட்டளை. கம்பெனிகள் சட்டத்தின் 12-ம் பிரிவுப்படி, கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பெயர் மாற்றிய கம்பெனி தன் பெயர்ப் பலகை, கடிதத் தாள், பில் எல்லாவற்றிலும் புதிய பெயரோடு முந்தைய பெயரையும் போட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வீதம், அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கம்பெனிக்கும் உண்டு, பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கும் உண்டு. நம் கோவைக் கம்பெனி 2027 ஜூன் நடுப்பகுதி வரை 'முந்தைய பெயர்' என்ற அந்த வரியைச் சுமந்தாக வேண்டும்.

இணையத்தில் இன்னும் பழைய பெயர்

சான்றிதழ் வந்த நாளில் எல்லா அலுவலகங்களிலும் பெயர் மாறிவிடாது. முதலில் வருமான வரித் துறையின் பான் பதிவில் பெயரைத் திருத்த வேண்டும். ஜிஎஸ்டி தளம் கம்பெனியின் சட்டப்பூர்வப் பெயரைப் பான் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால், பான் திருந்தாமல் ஜிஎஸ்டியைத் திருத்த முடியாது. ஜிஎஸ்டி திருத்தத்துக்கு மாற்றம் நடந்த 15 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரி பார்த்து ஒப்புதல் தர 15 வேலை நாட்கள் வரை ஆகலாம். ஒப்புதல் எப்போது வந்தாலும், திருத்தம் செல்லுபடியாவது பெயர் மாறிய நாளிலிருந்துதான்.

ஆக, சில வாரங்களுக்கு ஒரு குழப்பமான நிலை இருக்கும். பில்லில் புதிய பெயர். வாடிக்கையாளரின் கணக்காளர் ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைத் தட்டிப் பார்த்தால் பழைய பெயர். "பெயர் ஒத்துப்போகவில்லை" என்று பில்லைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் செய்தது தவறு என்று சொல்ல முடியாது. கடிதத்தில் ஒரு வரி இருந்தால் இந்தத் தகராறே வந்திருக்காது: 'திருத்தம் முடியும்வரை ஜிஎஸ்டி தளத்தில் எங்கள் பழைய பெயர் தெரியும்.'

பான் எண் மாறாது. இதில் ஒரு சுவையான விஷயம் உண்டு. பான் எண்ணின் நான்காவது எழுத்து, வைத்திருப்பவர் யார் என்று சொல்லும்: தனிநபர் என்றால் P, கூட்டாண்மை நிறுவனம் என்றால் F, கம்பெனி என்றால் C. ஐந்தாவது எழுத்து, எண் கொடுத்தபோது இருந்த பெயரின் முதல் எழுத்து. நம் கோவைக் கம்பெனிக்கு அது K. இப்போது பெயர் S-ல் தொடங்கினாலும் பான் எண்ணில் K அப்படியே நிற்கும். "பெயருக்கும் பானுக்கும் எழுத்து இடிக்கிறதே" என்று விவரம் தெரிந்த கணக்காளர் சந்தேகப்பட்டால், பதில் இதுதான். பிடித்தம் செய்த டிடிஎஸ் பான் எண்ணில்தான் வரவாகும். எண் சரியாக இருந்தால் அது வழிதவறாது.

ஒப்பந்தத்தில் எதைத் தொடக் கூடாது

கையெழுத்தான ஒப்பந்தத்தைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. விலை, கெடு, உத்தரவாதக் காலம், தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்பன எல்லாம் அப்படியே நிற்கும். புதிதாக முத்திரைத்தாள் வாங்கிக் கையெழுத்திட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டதா, பழைய பாக்கி தீர்ந்ததா என்ற வீண் கேள்விகள் முளைக்கும். சான்றிதழ் நகலோடு வந்த கடிதத்தைப் பழைய ஒப்பந்தத்தின் மேல் சேர்த்துக் கோப்பில் வைத்தால் போதும். வாடிக்கையாளர் வற்புறுத்தினால், பெயர் மாற்றத்தை அறிந்துகொண்டோம், மற்ற நிபந்தனைகள் மாறவில்லை என்று ஒரு பக்க ஒப்புகையில் இருவரும் கையெழுத்திடலாம்.

மாற வேண்டியவை இனிமேல் பயன்படுத்தப்போகும் மாதிரிப் படிவங்கள். ஒவ்வொரு கம்பெனியின் கணினியிலும் பத்துப் பதினைந்து மாதிரிகள் இருக்கும்: சப்ளை ஒப்பந்தம், இரகசியக் காப்பு ஒப்பந்தம், பராமரிப்பு ஒப்பந்தம், விலைப்புள்ளி. யாராவது ஓர் ஊழியர் உட்கார்ந்து பழைய பெயரைத் தேடி, எல்லா இடத்திலும் ஒரே தட்டில் புதிய பெயரைப் போட்டுவிடுவார். வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்ததுபோல் இருக்கும். சிக்கல் பிறகு வரும்.

ஒப்பந்தத்தில் பெயர் இரண்டு விதமாக வருகிறது. தரப்பினரைச் சொல்லும் முதல் பத்தி, அறிவிப்பு அனுப்ப வேண்டிய முகவரி, கையெழுத்துப் பகுதி ஆகிய இடங்களில் அது இன்றைய ஆளைக் குறிக்கிறது. அங்கே புதிய பெயர் வேண்டும். முதல் பத்தியில் முந்தைய பெயரும் பதிவு எண்ணும் கூடவே வேண்டும். "2019 மார்ச் 4 அன்று இன்னாருக்கும் இன்னாருக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக" என்று வரும் இடத்தில் அது பழைய தாள் ஒன்றைக் குறிக்கிறது. அங்கே பழைய பெயர்தான் இருக்க வேண்டும். ஒரே தட்டில் மாற்றினால், 2019-ல் இல்லாத பெயரில் 2019-ல் ஒப்பந்தம் போட்டதாக ஆகிவிடும். நாளை அந்த ஆவணத்தைத் தேடினால் அப்படி ஒன்று கிடைக்காது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும்.

இதே ஆபத்து கணக்கு மென்பொருளிலும் உண்டு. சில மென்பொருள்களில் கம்பெனியின் பெயரை மாற்றியவுடன், பழைய பில்லை மறுபடி அச்செடுத்தால் அதிலும் புதிய பெயர் வரும். வாடிக்கையாளரிடம் இருக்கும் 147-ம் பில்லில் பழைய பெயர். கம்பெனி எடுத்துத் தரும் நகலில் புதிய பெயர். தணிக்கையில் இரண்டும் எதிரெதிரே வைக்கப்படும். பெயரை மாற்றும் முன் அதுவரை போட்ட பில்களைக் கோப்பாகச் சேமித்துவைப்பது இதற்காகத்தான்.

கடிதம் மட்டும் போதாத இடமும் ஒன்று உண்டு. வங்கி உத்தரவாதம் கம்பெனியின் பெயரில் வங்கி கொடுத்த தாள். அதில் பெயரைத் திருத்தி வங்கிதான் திருத்தக் கடிதம் தர வேண்டும். கம்பெனி சொன்னால் மட்டும் போதாது.

ஒரு மாதிரிக் கடிதம்

மேலே சொன்னதெல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். கோவைக் கம்பெனியின் கடிதம் இப்படி இருக்கலாம்:

> பொருள்: கம்பெனியின் பெயர் மாற்றம், 12.06.2025 முதல்
>
> வணக்கம். இதுவரை (பழைய பெயர்) என்ற பெயரில் உங்களோடு வணிகம் செய்துவந்த எங்கள் கம்பெனி, 12.06.2025 முதல் (புதிய பெயர்) என்று அழைக்கப்படும். கம்பெனிப் பதிவாளர் வழங்கிய சான்றிதழின் நகலை இணைத்துள்ளோம்.
>
> மாறுபவை: அந்தத் தேதி முதல் நாங்கள் தரும் பில், கிரெடிட் நோட், விலைப்புள்ளி, புதிய ஒப்பந்தம் ஆகியவற்றில் புதிய பெயர் இருக்கும், கீழே முந்தைய பெயரும் இருக்கும்.
>
> மாறாதவை: கம்பெனிப் பதிவு எண், பான் எண், ஜிஎஸ்டி எண், பதிவு அலுவலக முகவரி, வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, பில் எண் வரிசை. உங்களோடு ஏற்கெனவே உள்ள ஒப்பந்தங்களும் ஆர்டர்களும் அதே நிபந்தனைகளோடு தொடரும். 12.06.2025-க்கு முன் போட்ட பில்கள் அப்படியே செல்லும். மாற்றித் தர வேண்டியதில்லை.
>
> உங்களிடம் வேண்டுவது: உங்கள் கணக்கில் எங்களுக்கு உள்ள பதிவிலேயே பெயரை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். புதிய பதிவு தொடங்க வேண்டாம். ஜிஎஸ்டி தளத்திலும் வங்கியிலும் திருத்தம் முடியும்வரை எங்கள் பழைய பெயர் தெரியும்.
>
> எங்கள் வங்கிக் கணக்கு மாறவில்லை. மாறியதாக வேறு கடிதமோ மின்னஞ்சலோ வந்தால், பணம் அனுப்பும் முன் உங்களிடம் ஏற்கெனவே உள்ள எங்கள் தொலைபேசி எண்ணில் கேளுங்கள்.

'புதிய பதிவு தொடங்க வேண்டாம்' என்ற வரியை வாடிக்கையாளர்கள் கவனிக்க வேண்டும். பெயர் புதிது என்று கணக்கில் புதிய சப்ளையராகச் சேர்த்துவிட்டால், 147-ம் பில்லின் பாக்கி ஒரு கணக்கில், அதற்கு எதிரான கிரெடிட் நோட் இன்னொரு கணக்கில் என்று பிரிந்து நிற்கும். ஐம்பது வார்ப்புக்குக் கழிக்க வேண்டிய பணத்தைக் கழிக்காமலே முழுப் பணமும் போய்விடும். அதே பில்லை இரு பதிவிலும் ஏற்றி, இரண்டு முறை பணம் அனுப்பிவிடவும் வாய்ப்பிருக்கிறது.

கடைசிப் பத்தி திருடர்களுக்காக எழுதப்பட்டது. பெயர் மாற்றம் ஊரறிந்த செய்தி; கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் எவரும் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு, "பெயர் மாறியதால் வங்கிக் கணக்கும் மாறியிருக்கிறது" என்று போலி மின்னஞ்சல் அனுப்புவது எளிது. உண்மையான சான்றிதழ் நகலைக்கூட இணைத்துவிடலாம். அதனால் நிஜமாகவே வங்கியை மாற்ற நினைக்கும் கம்பெனிகூட, பெயர் மாற்றக் கடிதத்தோடு அதைச் சேர்க்காமல் சில மாதம் பொறுத்துத் தனியாக அறிவிப்பது நல்லது. 2025 ஏப்ரல் முதல் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாகப் பணம் அனுப்புமுன் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கும் வசதியை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. அங்கே பழைய பெயரோ புதிய பெயரோ தெரிந்தால் சரி. மூன்றாவதாக ஒரு பெயர் தெரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

பெயர் மாற்றம்போல் வரும் ஆள் மாற்றம்

எல்லாப் பெயர் மாற்றக் கடிதமும் பெயர் மாற்றம் ஆகாது. 2022 நவம்பரில் லார்சன் அண்ட் டூப்ரோ இன்ஃபோடெக், மைண்ட்ட்ரீ என்ற இரண்டு கம்பெனிகள் இணைந்து எல்டிஐமைண்ட்ட்ரீ வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பெயர்கள் மறைந்து மூன்றாவது பெயர் வந்ததுபோல் இருக்கும். உள்ளே நடந்தது வேறு. மைண்ட்ட்ரீ தனிக் கம்பெனியாக இல்லாமல் இன்ஃபோடெக்கில் கலந்தது. கலந்த பிறகு இன்ஃபோடெக் தன் பெயரை மாற்றிக்கொண்டது. இன்ஃபோடெக்கின் வாடிக்கையாளருக்கு அது வெறும் பெயர் மாற்றம். மைண்ட்ட்ரீயின் வாடிக்கையாளருக்கு எதிரே நிற்கும் ஆளே மாறிவிட்டார். தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஏற்ற இணைப்புத் திட்டத்தின் பலத்தில்தான் அவருடைய ஒப்பந்தம் புதிய கைக்குப் போனது.

நம் ஊர்களில் அடிக்கடி நடப்பது இன்னொரு வகை. தனி ஒருவர் நடத்திவந்த கடையோ பட்டறையோ பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆகும். பலகையில் பழைய பெயரோடு பிரைவேட் லிமிடெட் என்று சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். அதே முதலாளி, அதே கட்டடம், அதே ஆட்கள். அவரும் "பெயர் கொஞ்சம் மாறியிருக்கிறது" என்றுதான் கடிதம் எழுதுவார். சட்டப்படி இது புதிய ஆள். முன்பு முதலாளியின் சொந்தப் பான் எண். இப்போது கம்பெனிக்குப் புதிய பான், புதிய ஜிஎஸ்டி எண். பழைய ஒப்பந்தம் தானாகக் கம்பெனிக்குப் போய்விடாது. மூன்று தரப்பும் சேர்ந்து மாற்றி எழுத வேண்டும். பழைய வேலைக்கான உத்தரவாதத்தை யார் ஏற்பது என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இங்கே 'எதுவும் மாறவில்லை' என்ற கடிதத்தை நம்பிச் சும்மா இருந்தால், நாளை பழுது வந்தபோது கம்பெனி "அது நாங்கள் கொடுத்ததல்ல" என்று சொன்னாலும் மறுக்க முடியாது.

இரண்டையும் பிரித்தறிய வக்கீல் வேண்டாம். ஜிஎஸ்டி எண் 15 எழுத்துகள் கொண்டது. முதல் இரண்டும் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். அந்தப் பத்தில் நான்காவது, அதாவது முழு எண்ணில் ஆறாவது எழுத்து, முன்பு P ஆக இருந்து இப்போது C ஆகியிருந்தால் தனிநபர் போய்க் கம்பெனி வந்திருக்கிறது. கம்பெனி வேறு மாநிலத்திலிருந்து பில் போட்டால் முதல் இரண்டு எண்கள் மாறலாம். நடுவிலுள்ள பத்தும் மாறாது.

அப்படி ஒரு கடிதம் இன்று உங்கள் மேசையில் இருந்தால், புதிய பெயரைப் படிப்பதற்கு முன் பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வையுங்கள். ஜிஎஸ்டி எண்ணின் மூன்றாவது எழுத்திலிருந்து பன்னிரண்டாவது எழுத்து வரை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பத்தும் ஒத்துப்போய், வங்கிக் கணக்கும் பழையதாகவே இருந்தால், கடிதத்தைக் கோப்பில் போட்டுவிட்டு வழக்கம்போல் பணம் அனுப்பலாம். கணக்கு எண் மாறியிருந்தால் முதலில் தொலைபேசியை எடுங்கள். பத்தில் ஒன்று மாறியிருந்தாலும் ஒப்பந்தத்தை எடுங்கள்.